பதினெட்டுக்கு அப்புறம் கையெழுத்து யாருடையது?

மேல்சித்தாமூரில் ஒரு அப்பா, அறிவுசார் குறைபாடுள்ள மகள் பேருக்கு ரெண்டு ஏக்கரை உயில் எழுதி வைக்கிறார்னு வச்சுக்குவோம். அவருக்குப் பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட யார் கையெழுத்து போடுவாங்க? மகளுக்கு 18 வயசு முடிஞ்சதும் பெற்றோரின் இயல்பான கார்டியன் உரிமையே முடிஞ்சிடும். அண்ணனுக்கும் அது தானா வராது.

அதனால அப்பா இருக்கும்போதே, 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, விழுப்புரம் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் கார்டியன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கணும். நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு வருஷா வருஷம் கணக்கும் கொடுக்கணும். சொத்தைக் கையாடல் செஞ்சா, உறவினர் மனு போட்டு அவரை நீக்கக் கேட்கலாம்.

ஆனா மனு போட ஒருத்தர் மிஞ்சியிருக்கணுமே! அதுக்காகத்தான் சொத்தைத் தனி டிரஸ்டில் வைக்கிறது: பிள்ளையைப் பார்ப்பவர் ஒருத்தர், பணத்தை வைத்திருப்பவர் வேறொருத்தர்.