பாவு நூலை அளக்கும் மீட்டர்

ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை கைத்தறி பெட்ஷீட்டுக்குப் பெயர்போன ஊர். அங்கே ஒரு சிறிய தறிக்கூடத்துக்கு 40 பெட்ஷீட்டுக்கான ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று இரண்டரை மீட்டர் என்றால் மொத்தம் 100 மீட்டர் துணி. ஆனால் 100 மீட்டர் பாவு போட்டால் 100 மீட்டர் துணி வராது. பாவு நூல் ஊடைக்கு மேலும் கீழுமாக வளைந்து போவதால் நீளம் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு நூற்றுக்கு 6 மீட்டர் சேர்த்தால் 106. தறியில் பிணைப்பதற்கும் கடைசியில் நெய்ய முடியாமல் நிற்கும் துண்டுக்கும் 2 மீட்டர். ஆக, 108 மீட்டர் பாவு ஓட்ட வேண்டும்.

இந்த 108 மீட்டரை எப்படி அளப்பது? பாவு ஓட்டும் டிரம்மில் எல்லா இழைகளையும் ஒரே தடவையில் சுற்ற முடியாது. கோன்கள் மாட்டிய சட்டத்திலிருந்து சில நூறு இழைகள் சேர்ந்து ஒரு பட்டையாக வரும். ஒரு பட்டையை 108 மீட்டர் சுற்றி முடித்து, அதன் பக்கத்தில் அடுத்த பட்டையைத் தொடங்குவார்கள். மொத்தம் எட்டுப் பட்டைகள் என்றால் எட்டும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஏழு சரியாக இருந்து ஒன்று மட்டும் 2 மீட்டர் குறைந்தாலும், நெய்பவருக்கு மொத்தப் பாவும் 2 மீட்டர் குறைந்ததுதான். மிச்ச ஏழு பட்டைகளின் நூல் வீண்.

டிரம்மின் சுற்றுகளை எண்ணுவது பழைய வழக்கம். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று ஏறும்போது டிரம் பருமனாகிக்கொண்டே போகும். நூறாவது சுற்று முதல் சுற்றைவிட நீளமானது. அதனால் டிரம்மைத் தொடாமல், ஓடும் நூலையே அளப்பது நல்லது. அதற்குத்தான் ரோட்டரி என்கோடர் பூட்டிய அளவுச் சக்கரம்.

டிரம்முக்குச் சற்று முன்னால் ஒரு லேசான உருளை வைத்து, பட்டையின் இழைகள் முழுவதும் அதைத் தழுவிப் போகும்படி செய்ய வேண்டும். நூல் ஓடும்போது உருளையும் சுற்றும். அதன் அச்சில் பூட்டிய என்கோடருக்குள் 600 கோடுகள் கொண்ட மெல்லிய தட்டு இருக்கிறது. தட்டின் ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் அதைக் காணும் சென்சார். தட்டு சுற்றச் சுற்ற ஒளி விட்டுவிட்டுத் தெரியும். அந்த விட்டுவிட்டு வரும் மின்துடிப்புதான் பல்ஸ். உருளையின் சுற்றளவு 200 மில்லிமீட்டர் என்றால், பல்ஸை எண்ணினால் நீளம் தெரிந்துவிடும்.

அது போதும் என்றால் ஒரு காந்தமும் ஒரு சென்சாரும் வைத்த மலிவான மீட்டரே போதுமே? போதாது. நடுவில் ஓர் இழை அறுந்தால், அறுந்த முனையைத் தேட டிரம்மைப் பின்னால் சுற்றுவார்கள். தளரும் நூலைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பார்கள். அப்போது உருளை எதிர்ப்பக்கம் சுற்றும். ஒற்றைச் சென்சாருக்குத் திசை தெரியாது, பின்னால் போன ஒன்றரை மீட்டரையும் கூட்டிக்கொள்ளும். முடிச்சுப் போட்டு மறுபடி முன்னால் ஓட்டும் ஒன்றரை மீட்டரையும் கூட்டும். ஒரு அறுப்புக்கு 3 மீட்டர் பொய்க் கணக்கு. ஒரு பட்டையில் மூன்று இழை அறுந்தால் திரையில் 108 தெரியும்போது டிரம்மில் இருப்பது 99 மீட்டர்தான்.

என்கோடரில் A, B என்று இரண்டு வரிகள் இருப்பது இதற்காகத்தான். இரண்டும் ஒரே கோடுகளைத்தான் பார்க்கின்றன, ஆனால் ஒன்று சற்று முந்தி, மற்றது பிந்தி. முன்னால் ஓடும்போது A முந்தும், பின்னால் ஓடும்போது B முந்தும். எது முந்தியது என்று பார்த்துக் கூட்டுவதா கழிப்பதா என்று முடிவு செய்யலாம். அர்டுயினோ பலகையில் 2, 3 ஆகிய முனைகளில் A, B வரிகளை இணைத்தால் கணக்கின் உயிர்ப்பகுதி இவ்வளவுதான்:

```
volatile long n = 0;
void count() {
  if (digitalRead(2) == digitalRead(3)) n--;
  else n++;
}
// setup():
// attachInterrupt(digitalPinToInterrupt(2), count, CHANGE);
```

இதில் CHANGE என்ற சொல் முக்கியம். A வரி ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ண வேண்டும் என்பது அதன் பொருள். ஏறும்போது மட்டும் எண்ணினால், டிரம் நின்றிருக்கும்போது உருளை லேசாக அதிர்ந்தாலே எண் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டையும் எண்ணினால் அதிர்வில் ஒன்று கூடி ஒன்று கழிந்து கணக்கு நேராகிவிடும். இப்படி எண்ணும்போது ஒரு சுற்றுக்கு 1200, ஒரு மீட்டருக்கு 6000.

ஆனால் அந்த 6000 காகிதக் கணக்கு. உருளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு 200 இல்லை, ஏறக்குறைய 197. சிறிய உருளை அதிகமாகச் சுற்றும். திரையில் 108 வந்தபோது உண்மையில் ஓடியது சுமார் 106.3 மீட்டர். பிணைப்பையும் சுருக்கத்தையும் கழித்தால் துணி 98 மீட்டர் சொச்சம். 39 பெட்ஷீட் முழுசாக வரும், நாற்பதாவது வெட்டுத் துண்டாகிவிடும். மாறாக உருளையில் பஞ்சு அப்பிக்கொண்டால் அது பருத்து, திரை குறைத்துக் காட்டும். அப்போது நூல் அதிகமாகச் செலவாகும்.

அதனால் உருளையை ஸ்கேலால் அளந்து சுற்றளவு போடாமல், நூலை ஓட்டியே மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். பாவு நூலில் 20 மீட்டரை இரும்பு டேப்பால் அளந்து, இரண்டு முனையிலும் சாயம் தொட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக ஓட்டும் அதே இழுவையில் உருளை மேல் ஓட்டுங்கள். முதல் குறி உருளையைத் தொடும்போது எண்ணை 0 ஆக்குங்கள், இரண்டாவது குறி அதே இடத்தைத் தொடும்போது நிறுத்துங்கள். 1,20,000 வர வேண்டிய இடத்தில் 1,20,900 வந்தால், அதை 20 ஆல் வகுங்கள். உங்கள் உருளைக்கு ஒரு மீட்டர் என்பது 6045. நிரலில் இந்த எண்ணால்தான் வகுத்துத் திரையில் காட்ட வேண்டும்.

டேப் சோதனை உருளையின் அளவுப் பிழையைத்தான் திருத்தும். உருளை வழுக்குகிறதா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. நூலை வேகமாக ஓட்டிச் சட்டென்று நிறுத்துங்கள். நூல் நின்ற பிறகும் திரையில் எண் ஓடினால் உருளை கனமாக இருக்கிறது, தன் வேகத்திலேயே சுற்றுகிறது. புறப்படும்போதும் அது நூலுக்குப் பின்தங்கும். இதற்கு எண்ணை மாற்றிப் பயனில்லை. லேசான உருளை போட வேண்டும், அல்லது நூல் அதைத் தழுவும் கோணத்தைக் கூட்ட வேண்டும். பேரிங்கில் பஞ்சு சிக்கியிருந்தாலும் வழுக்கும், அதை முதலில் சுத்தம் செய்து பார்க்கலாம்.

டேப் சோதனையை ஒரு தடவை செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. நூலின் கவுண்ட் மாறும்போது, உருளையை மாற்றும்போது, இழுவையைக் கூட்டிக் குறைக்கும்போது மறுபடி 20 மீட்டர் ஓட்டிப் பாருங்கள். கிடைத்த எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த எண் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனால் உருளை தேய்கிறது, குறைந்துகொண்டே வந்தால் பஞ்சு படிகிறது. துணி குறைந்த பிறகு தேட வேண்டிய காரணம், பாவு ஓடும் முன்பே அந்த நோட்டில் தெரிந்துவிடும்.