பாதிக்குப் பாதி ஜெயித்தும் பணம் கரைவது ஏன்?

காலையில் பங்கு வாங்கி மாலைக்குள் விற்றுவிடும் இன்ட்ராடே வியாபாரத்தில், “பத்துக்கு அஞ்சு ஜெயிச்சுடறேன், ஆனாலும் கணக்குல பணம் குறையுது” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வெற்றிகளை எண்ணுகிறார்கள். ஒவ்வொரு வெற்றியும் எவ்வளவு தந்தது, ஒவ்வொரு தோல்வியும் எவ்வளவு பறித்தது என்று கூட்டிப் பார்ப்பதில்லை.

200 ரூபாய் விலையுள்ள பங்கில் 500 வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலீடு 1 லட்சம் ரூபாய். 2 ரூபாய் ஏறினால் விற்று 1,000 ரூபாய் லாபம். 2 ரூபாய் இறங்கினால் ஸ்டாப் லாஸில் வெளியேறி 1,000 ரூபாய் நஷ்டம். 100 முறை செய்து 50 முறை ஜெயித்தால் வரவும் இழப்பும் சரியாகிவிடும்.

ஆனால் கட்டணம் இருக்கிறது. ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கர் என்றால், வாங்கவும் விற்கவும் 40 ரூபாய். விற்ற தொகையில் 0.025 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது 25 ரூபாய். சந்தைக் கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜி.எஸ்.டி. சேர்ந்து ஏறக்குறைய 17 ரூபாய். ஆக ஒரு முறைக்கு 82 ரூபாய். ஜெயித்தாலும் தோற்றாலும் இதைக் கட்டியாக வேண்டும். 100 முறைக்கு 8,200 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

இதோடு மனித மனமும் சேர்ந்துகொள்கிறது. லாபம் கண்ணில் பட்டதும், வந்தவரை போதும் என்று 1.50 ரூபாயிலேயே விற்றுவிடுகிறோம். நஷ்டத்தில் மட்டும், திரும்பிவிடும் என்று கடைசிவரை காத்திருக்கிறோம். இப்போது வெற்றிக்கு 750 ரூபாய், தோல்விக்கு 1,000 ரூபாய். அதே 50 வெற்றிகளில் 37,500 வரும், 50 தோல்விகளில் 50,000 போகும். கட்டணத்தையும் கழித்தால் நஷ்டம் 20,700 ரூபாய். இந்த அளவில் கைக்காசு போகாமல் இருக்கவே 100-க்கு 62 முறை ஜெயிக்க வேண்டும்.

அப்படியானால் இலக்கை 4 ரூபாயாக உயர்த்தி, ஒன்றுக்கு இரண்டு லாபம் வைத்தால்? 100-க்கு 37 வெற்றி போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் தூரத்து இலக்கை விலை தொடுவதற்குள் ஸ்டாப் லாஸ் அடிபடும் வாய்ப்பு கூடுகிறது. கணிப்பில் தனித்திறன் ஏதும் இல்லையென்றால் ஏறக்குறைய 33 முறைதான் ஜெயிக்க முடியும். விகிதத்தை மாற்றுவதால் மட்டும் லாபம் பிறக்காது.

2022-23-இல் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10-க்கு 7 பேர் நஷ்டப்பட்டதாக செபி ஆய்வு காட்டியது. அவர்கள் தங்கள் நஷ்டத்தில் 57 சதவீதத்துக்குச் சமமான தொகையைக் கூடுதலாகக் கட்டணமாகவும் செலுத்தியிருந்தார்கள்.

உங்கள் கடைசி 100 வியாபாரங்களின் கான்ட்ராக்ட் நோட்டுகளை எடுங்கள். சராசரி நஷ்டத்தோடு ஒரு முறைக்கான கட்டணத்தைக் கூட்டுங்கள். அதைச் சராசரி லாபமும் சராசரி நஷ்டமும் சேர்ந்த தொகையால் வகுங்கள். கிடைக்கும் சதவீதத்தைவிட உங்கள் வெற்றி குறைவாக இருந்தால், வியாபாரத்தைக் கூட்டக் கூட நஷ்டமும் கூடும்.