500 கிராம் பாக்கெட்டில் 497 கிராம்: முத்திரை குத்திய தராசு எங்கே தவறுகிறது?

மஞ்சள் தூள், மல்லித் தூள் அரைத்து பாக்கெட் போடும் சின்ன யூனிட்டுக்குள் போனால், தராசின் பக்கவாட்டில் அரசு முத்திரை இருக்கும். சான்றிதழும் சுவரில் மாட்டியிருக்கும். "வருஷா வருஷம் முத்திரை போடுறோம், அப்புறம் என்ன?" என்பதுதான் பெரும்பாலான உரிமையாளர்களின் கேள்வி.

வணிகத்துக்குப் பயன்படும் எலெக்ட்ரானிக் தராசை 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரையிட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை இதைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் முத்திரை சொல்வது ஒன்றுதான்: சோதித்த அந்த நாளில் தராசு சரியாக இருந்தது. மறுநாள் யாராவது அதைக் கீழே போட்டாலும் முத்திரை அப்படியேதான் இருக்கும். மீதி நாட்களுக்குப் பொறுப்பு யூனிட்டுடையது. அதற்குத்தான் கேலிப்ரேஷன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கேலிப்ரேஷன் என்றால் CAL பொத்தானை அழுத்துவது என்றே பலர் நினைக்கிறார்கள். அது சரிசெய்தல். கேலிப்ரேஷன் என்பது, எடை தெரிந்த ஒரு கல்லை வைத்து, தராசு எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து எழுதுவது. எழுதாமல் சரிசெய்தால், நேற்று வரை தராசு எப்படி இருந்தது என்பதற்கான ஒரே சாட்சியும் போய்விடும்.

காலையில் ஐந்து நிமிடம்

6 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் துல்லியமுள்ள மேசைத் தராசை எடுத்துக்கொள்வோம். சுவிட்ச் போட்டு அரை மணி நேரம் சூடாக விட வேண்டும். நீர்மட்டக் குமிழ் வட்டத்தின் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கால் திருகுகளைத் திருப்பிச் சமன் செய்ய வேண்டும். தட்டைக் கழற்றி அடியில் படிந்த தூளைத் துடைக்க வேண்டும். மசாலா யூனிட்டில் இது முக்கியம். தட்டுக்கும் உடம்புக்கும் நடுவே கெட்டித்த தூள், எடையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும், தராசு குறைத்துக் காட்டும். பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, பூஜ்ஜியம் வந்ததும் 500 கிராம் சோதனைக் கல்லைத் தட்டின் நடுவில் மூன்று முறை வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காட்டுவதை எழுத வேண்டும். அவ்வளவுதான்.

சோதனைக் கல் என்பது கடையில் புழங்கும் இரும்புக் கல் அல்ல. எம்1 வகுப்பு எடைக்கல்லில் 500 கிராமுக்கு அனுமதிக்கப்படும் பிழை 25 மில்லிகிராம்தான். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழுடன் பெட்டிக்குள் இருக்க வேண்டிய கல் அது. சரக்கு நிறுக்க அதை எடுக்கவே கூடாது.

மாதம் ஒருமுறை சோதனை கொஞ்சம் நீளும். 500 கிராம், 1 கிலோ, 2 கிலோ, 5 கிலோ என்று ஏற்றிப் பார்க்க வேண்டும். கூடவே 2 கிலோ கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் எண் மாறினால், தட்டு எங்கோ இடிக்கிறது அல்லது லோடு செல் அடி வாங்கியிருக்கிறது. தராசை இடம் மாற்றினாலும், கீழே போட்டாலும், ரிப்பேர் செய்தாலும் மாதக் கணக்குப் பார்க்காமல் அன்றே இதைச் செய்ய வேண்டும்.

எவ்வளவு தள்ளினால் தப்பு?

கடைகளிலும் சின்ன யூனிட்களிலும் இருப்பது பெரும்பாலும் மூன்றாம் வகுப்புத் தராசு. 1 கிராம் துல்லியத்தில், பயன்பாட்டில் இருக்கும்போது 500 கிராம் வரை ±1 கிராம், 2 கிலோ வரை ±2 கிராம், அதற்கு மேல் 6 கிலோ வரை ±3 கிராம் பிழையைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. முத்திரையிடும் நாளில் இதில் பாதிதான் அனுமதி.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 500 கிராம் பாக்கெட் ஒன்றில் 15 கிராம் வரை குறைந்தாலும் பொறுத்துக்கொள்ள பொட்டலப் பொருட்கள் விதிகளில் இடமிருக்கிறது. "15 கிராமே ஓகேன்னா 3 கிராம் என்ன பண்ணும்?" என்று தோன்றும். ஆனால் அதே விதிகள், மாதிரியாக எடுக்கும் பாக்கெட்டுகளின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கின்றன. கை தவறிக் குறைந்தால் ஒரு பாக்கெட் குறையும், அடுத்தது கூடும். தராசே தவறினால் எல்லா பாக்கெட்டும் ஒரே பக்கம் குறையும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பாஸ், சராசரியில் மொத்தமும் ஃபெயில்.

ஒரு வியாழக்கிழமை

இதைக் கற்பனையான ஒரு யூனிட்டில் ஓட்டிப் பார்ப்போம். புதன் காலை சோதனை சரி. மதியம் தராசின் டிஸ்ப்ளே மங்குகிறது. தெரிந்த மெக்கானிக் வருகிறார், சீலை உடைத்து போர்டை மாற்றுகிறார், மூலையில் கிடந்த 5 கிலோ இரும்புக் கல்லை வைத்து CAL கொடுத்துவிட்டுப் போகிறார். மாலைக்குள் 1,200 பாக்கெட் ஓடிவிட்டது. வியாழன் காலைப் பதிவு இது:

| தேதி, நேரம் | தராசு | சோதனைக் கல் | காட்டியது | பிழை | வரம்பு | முடிவு |
|---|---|---|---|---|---|---|
| புதன் 8.30 | த-2 | 500 கி | 500, 500, 500 | 0 | ±1 | சரி |
| வியாழன் 8.30 | த-2 | 500 கி | 503, 503, 503 | +3 | ±1 | நிறுத்தம் |
| வியாழன் 8.40 | த-2 | 1,000 கி | 1,006 | +6 | ±2 | நிறுத்தம் |
| வியாழன் 8.45 | த-2 | 2,000 கி | 2,012 | +12 | ±2 | நிறுத்தம் |

(இதோடு சோதனைக் கல்லின் எண், சோதித்தவர் கையொப்பம், அடுத்து என்ன செய்தோம் என்பதற்கும் கட்டம் வேண்டும். இடத்துக்காக இங்கே விட்டிருக்கிறோம்.)

எண்களே கதையைச் சொல்லிவிடுகின்றன. மூன்று முறையும் 503 என்பதால் காற்றோ ஆட்டமோ காரணம் இல்லை. எடை இரட்டிப்பானால் பிழையும் இரட்டிப்பாகிறது. அப்படியானால் தராசுக்குத் தப்பான கல்லைக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இரும்புக் கல்லை இன்னொரு முத்திரையிட்ட தராசில் வைத்தால் 4,970 கிராம். அடியில் இருந்த ஈயம் விழுந்துவிட்டிருக்கிறது. அந்த 4,970 கிராமைத்தான் தராசு 5 கிலோ என்று கற்றுக்கொண்டது.

தராசு 503 என்று கூட்டிக் காட்டினால், திரையில் 500 வரும்வரை நிரப்பிய பாக்கெட்டில் இருப்பது சுமார் 497 கிராம். எண் கூடினால் சரக்கு குறையும். பிழை திரும்பியிருந்தால் பாக்கெட்டுக்கு 3 கிராம் இனாமாகப் போய், 1,200 பாக்கெட்டில் 3.6 கிலோ உரிமையாளருக்கு நஷ்டம்.

அடுத்து செய்ய வேண்டியவை: தராசில் 'பயன்படுத்தாதே' என்று ஒட்டி ஓரமாக வைப்பது. மறுபடி CAL கொடுத்து வேலையைத் தொடர முடியாது. சீல் உடைந்த தராசை, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் சரிசெய்த பின் மறுமுத்திரை இட்டுத்தான் பயன்படுத்தலாம். அடுத்து, கடைசியாக 'சரி' என்று எழுதிய வரிக்குப் பிறகு போட்ட சரக்கு முழுவதையும் நிறுத்திவைப்பது. புதன் காலைப் பதிவு இருப்பதால், எந்த பாக்கெட்டில் கை வைக்க வேண்டும் என்பது 1,200-க்குள் முடிகிறது. இன்னொரு தராசில் நிறுத்துப் பார்த்து, குறைந்ததைப் பிரித்துத் திரும்ப நிரப்பலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது என்ற கேள்விக்கும் இதிலிருந்தே விடை வருகிறது. இதே யூனிட் திங்கட்கிழமை மட்டும் சோதித்திருந்தால், அந்த வாரம் புதன் மதியத்திலிருந்து போட்ட சரக்கெல்லாம் லாரி ஏறியிருக்கும். இரண்டு சோதனைக்கு நடுவே எவ்வளவு சரக்கைத் திரும்ப அழைக்க உங்களால் முடியுமோ, அதுதான் உங்கள் இடைவெளி. தினமும் பாக்கெட் ஓடும் தராசுக்கு ஷிப்டுக்கு ஒருமுறை. ஸ்டோர் ரூமில் மூட்டை வரவைப் பார்க்கும் தராசுக்கு வாரம் ஒருமுறை போதும்.

பதிவேட்டைப் புரட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாதக்கணக்கில் 500, 500, 500 என்றே, ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தால், கல் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை என்று அர்த்தம். உண்மையான தராசு எப்போதாவது 499-ம் 501-ம் காட்டும். மூன்று நாள் தொடர்ந்து 501 என்றால் வரம்புக்குள்தான், ஆனாலும் மாதச் சோதனையை அன்றைக்கே செய்துவிடுவது நல்லது.