ஒரு பேஸ் போனாலும் ஓடும் மோட்டார்

போரிலிருந்து மேலே ஏற்றிய மோட்டாரை ரீவைண்டிங் கடையில் பிரித்ததும், காயில் கரிந்திருக்கும் விதத்தை வைத்தே அனுபவமுள்ள மெக்கானிக் காரணத்தைச் சொல்லிவிடுவார். வைண்டிங் முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் மோட்டார் நெடுநேரம் அதிக ஆம்பியர் இழுத்திருக்கிறது. குறைந்த வோல்டேஜோ மிகையான சுமையோ காரணமாக இருக்கலாம். ஒரு பகுதி கரிந்து, மற்றொரு பகுதி புதிதாகச் சுற்றியதுபோல் இருந்தால் விஷயமே வேறு. ஸ்டார் இணைப்பு மோட்டாரில் இரண்டு பேஸ் காயில்கள் கரிந்து ஒன்று பிழைத்திருக்கும். டெல்டா இணைப்பில் ஒன்று கரிந்து இரண்டு பிழைத்திருக்கும். இந்த அடையாளம் தெரிந்தால், மூன்று பேஸில் ஒன்று போன பிறகும் அந்த மோட்டார் ஓடியிருக்கிறது என்று பொருள்.

பேஸ் போனதும் ஸ்டார்ட்டர் விட்டுவிடாதா என்ற கேள்வி எழும். பெரும்பாலும் விடாது. ஸ்டார்ட்டரின் உள்ளே இருக்கும் கான்டாக்டர், ஒரு காயிலின் காந்த இழுப்பில் பிடித்து நிற்கிறது. அந்தக் காயில் மூன்று பேஸையும் பார்ப்பதில்லை; இரண்டு பேஸுக்கு நடுவே மட்டும் இணைக்கப்பட்டிருக்கிறது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே காயில் இருந்து, நீலம் போனால் கான்டாக்டருக்கு ஒன்றுமே தெரியாது.

காயில் இருக்கும் பேஸே போனாலும் நிம்மதி இல்லை. சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார், அறுந்துபோன பேஸின் முனையில் தானே மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும். அது முழு வோல்டேஜைவிடச் சற்றுத்தான் குறைவாக இருக்கும். அந்த மின்னழுத்தம் கான்டாக்டர் வழியே திரும்பி வந்து காயிலையும் பிடித்து நிறுத்தலாம், போர்டில் உள்ள பேஸ் விளக்கையும் எரியவைக்கலாம். மூன்று விளக்கும் எரிகிறது, ஸ்டார்ட்டர் பிடித்திருக்கிறது, தண்ணீரும் வருகிறது என்று பார்ப்பவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கீழே மோட்டார் இரண்டு பேஸில் வெந்துகொண்டிருக்கும்.

மூன்று பேர் தூக்கும் சுமையில் ஒருவர் விலகினால் மற்ற இருவர் மீதும் பாரம் ஏறுவதுபோல, மீதமுள்ள இரண்டு லைன்களிலும் ஆம்பியர் ஏறத்தாழ 1.73 மடங்காகிறது. வெப்பமோ ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே அந்த இரண்டு லைன்கள் சேரும் காயில்களில் வெப்பம் சுமார் மூன்று மடங்கு.

இந்த இடத்தில்தான் ஓவர்லோடு ரிலே காப்பாற்ற வேண்டும். அது எப்போது காப்பாற்றும், எப்போது கைவிடும் என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். 7.5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் ஒன்றின் பெயர்த்தகட்டில் 415 வோல்ட், 14 ஆம்பியர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரிலேயின் திருகும் 14-இல் நிற்கிறது. நீல பேஸ் போகிறது; மற்ற இரண்டிலும் சுமார் 24 ஆம்பியர் ஓடுகிறது. இது திருகின் அளவைப்போல் 1.7 மடங்கு. நல்ல ரிலேயானால் ஒன்றிரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். மோட்டார் சூடாகும், ஆனால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

இதே மோட்டாருக்குக் கோடையில் வோல்டேஜ் குறைகிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரத்தில் உள்ள தோட்டம். எல்லாக் கிணறுகளிலும் மோட்டார் ஓடும் நேரம். மீட்டரில் 350 வோல்ட்தான் தெரிகிறது. பம்ப் ஏற்ற வேண்டிய தண்ணீர் அதேதான், எனவே தேவைப்படும் சக்தியும் ஏறத்தாழ அதேதான். வோல்டேஜ் குறைந்த அளவுக்கு மோட்டார் ஆம்பியரைக் கூட்டி எடுக்கும். 14 இருந்த இடத்தில் 16-க்கும் 17-க்கும் நடுவே போகும். ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, விட்டுவிடும். தண்ணீர் பாயும் நேரத்தில் இப்படி நான்கு முறை நடந்தால் என்ன செய்வார்கள்? ரிலேயின் திருகை 20-க்கு ஏற்றி வைப்பார்கள். பிறகு மோட்டார் நிற்காமல் ஓடும். பிரச்சினை தீர்ந்துவிட்டதாகத் தோன்றும்.

அடுத்த வாரம் நீல பேஸ் போகிறது. அதே 24 ஆம்பியர். ஆனால் 20-இல் வைத்த ரிலேக்கு அது 1.2 மடங்கு மட்டுமே. இந்த அளவு மிகைக்கு ரிலே விட, தர விதிகளின்படியே இரண்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டார்களின் வைண்டிங் கம்பி பெரும்பாலும் பி.வி.சி. உறை போட்டது. அந்த உறை ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். மேலே நிற்கும் சாதாரண மோட்டாரின் இன்சுலேஷன் 130 டிகிரி வரை தாங்கக்கூடியது. மேட்டு மோட்டார் தாங்கும் சூட்டில் போர் மோட்டார் உருகிவிடும். இரண்டு மணி நேரம் என்பது அதற்கு நினைத்தும் பார்க்க முடியாத காலம்.

குறைந்த வோல்டேஜும் பேஸ் போவதும் தனித்தனி நோய்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதலாவது இரண்டாவதைக் கூட்டி வருகிறது. கான்டாக்டரின் காயில் குறித்த வோல்டேஜில் 85 சதவீதம் இருந்தால் உறுதியாக இழுக்கும்படி செய்யப்பட்டது. 415 வோல்ட் காயிலுக்கு அது சுமார் 353 வோல்ட். அதற்குக் கீழே போனால் கான்டாக்டர் முழுவதுமாகவும் பிடிக்காது, விடவும் விடாது, கடகடவென்று அடித்துக்கொள்ளும். ஒவ்வோர் அடிக்கும் தொடுமுனைகளில் பொறி பறக்கும். இப்படிச் சில நாள் போனால் மூன்று முனைகளில் ஒன்று தேய்ந்து கருகித் தொடாமல் போகும். அப்போது மின்வாரிய லைனில் மூன்று பேஸும் குறைவில்லாமல் இருக்க, ஸ்டார்ட்டருக்கு உள்ளேயே ஒரு பேஸ் தொலைந்துவிடுகிறது.

பிரிவென்டர் வாங்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிங்கிள் பேஸ் பிரிவென்டரில் இரண்டு வகை உண்டு. முதல் வகை வோல்டேஜைப் பார்ப்பது. இது ஸ்டார்ட்டருக்கு முன்னால் நின்று, வருகிற மூன்று பேஸையும் ஒப்பிடும். ஒன்று இல்லையென்றால் மோட்டாரை எடுக்கவே விடாது. பேஸ் இடம் மாறி வந்தாலும் தடுத்துவிடும். அதனால் பம்ப் தலைகீழாகச் சுற்றுவது தவிரும். ஆனால் தனக்குப் பின்னால் நடப்பது இதற்குத் தெரியாது. கான்டாக்டர் முனை கருகினாலும், போருக்குள் கேபிள் ஜாயின்ட் விட்டாலும் இதன் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே படும். ஓடும் மோட்டாரே திருப்பித் தரும் மின்னழுத்தம் மலிவான பிரிவென்டரை ஏமாற்றவும் கூடும்.

இரண்டாவது வகை ஆம்பியரைப் பார்ப்பது. மோட்டாருக்குப் போகும் கம்பிகள் சிறு வளையங்களின் வழியாகச் சென்றால் இது அந்த வகை. எந்த இடத்தில் பேஸ் அறுந்தாலும், அந்தக் கம்பியில் ஆம்பியர் பூஜ்யமாவதை இது சில நொடிகளில் கண்டு ஸ்டார்ட்டரை நிறுத்திவிடும். இதன் குறை, மோட்டார் எடுத்த பிறகுதான் இதற்குத் தெரியும் என்பது. போர் மோட்டாருக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கருவியே நல்லது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆம்பியர் வகையை வாங்குங்கள்.

குறைந்த வோல்டேஜ் பாதுகாப்பை எந்த அளவில் வைப்பது? மோட்டாரின் பெயர்த்தகடுதான் பதில். சில மோட்டார்கள் 300 வோல்ட் வரை ஓடும்படி செய்யப்படுகின்றன. அது தகட்டில் அச்சாகியிருக்கும். தகட்டில் 415 மட்டும் இருந்தால் 350-க்குக் கீழே போனதும் நிறுத்தும்படி வைப்பது பொருத்தம். மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் நொடிநேரம் தாழ்வது இயல்பு என்பதால், நிறுத்துவதற்கு 5 நொடி தாமதம் இருக்கட்டும். மறுபடி எடுக்கும் அளவு நிறுத்தும் அளவைவிட உயரத்தில், 380 போல இருக்க வேண்டும். இரண்டும் நெருங்கியிருந்தால் மோட்டார் நின்றதும் வோல்டேஜ் ஏறும், உடனே எடுக்கும், மறுபடி தாழும். எடுப்பதும் விடுவதுமாகவே போகும். வோல்டேஜை எப்போதும் மோட்டார் ஓடும்போது பாருங்கள். நிற்கும்போது 415 காட்டும் லைன் ஓடும்போது 360-க்கு இறங்கலாம்.

ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மும்முனை மின்சாரம் வந்த நொடியில் ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் எல்லா மோட்டார்களும் சேர்ந்து எடுத்தால், எடுக்கும்போது இழுக்கும் ஆம்பியரில் வோல்டேஜ் சரிந்து எல்லாமே விட்டுவிடும். பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசி, ஒருவர் 1 நிமிடம், அடுத்தவர் 2 நிமிடம், அதற்கடுத்தவர் 3 நிமிடம் என்று தாமதத்தை மாற்றி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். மோட்டார் நின்றதும் குழாயில் இறங்கும் தண்ணீர் அடங்கவும் இந்தத் தாமதம் உதவும்.

மும்முனை மின்சாரம் முறைவைத்து வரும் ஊர்களில், மீதி நேரத்தில் கெப்பாசிட்டர் போட்டு இரண்டு பேஸில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் உண்டு. அதற்காகப் பேனலில் வைத்திருக்கும் சுவிட்சை 2 பேஸ் பக்கம் தள்ளினால் பல பேனல்களில் பிரிவென்டர் விலகிவிடும். மும்முனை வந்த பிறகும் சுவிட்சைத் திருப்ப மறந்தால், பேஸ் போகும் நாளில் காவலுக்கு ஒன்றும் இருக்காது. அடிக்கடி விடுகிறது என்று பிரிவென்டரின் ஒயரைச் சேர்த்துக் கட்டிவிட்டுப் போகும் மெக்கானிக் செய்வதும் இதையேதான்.

பிரிவென்டர் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து எளிதாகப் பார்க்கலாம். மெயின் சுவிட்சை அணைத்து, ஒரு ஃபியூஸ் கேரியரைக் கழற்றிவிட்டு, மறுபடி மெயினைப் போட்டு ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். வோல்டேஜ் வகையானால் எடுக்கவே கூடாது. ஆம்பியர் வகையானால் எடுத்த சில நொடியில் விட வேண்டும்; 5 நொடிக்குள் விடாவிட்டால் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுங்கள். மூன்று ஃபியூஸுக்கும் தனித்தனியாக, இடையில் மோட்டார் ஆற நேரம் கொடுத்து, இதைச் செய்ய வேண்டும். மோட்டார் ஓடும்போது ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

இன்றைக்கே தோட்டத்துக்குப் போய், மெயினை அணைத்து, ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, ஓவர்லோடு ரிலேயின் திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியரைவிட அது மேலே இருந்தால் தகட்டின் எண்ணுக்கே இறக்கி வையுங்கள். அதன்பிறகு ரிலே அடிக்கடி விட்டால், வோல்டேஜ் குறைவென்று மின்வாரியத்துக்கு மனு எழுதுங்கள், கான்டாக்டர் முனைகளைச் சோதியுங்கள், பம்பைப் பாருங்கள். அந்தத் திருகை மட்டும் மறுபடி ஏற்றாதீர்கள்.