தாத்தா பீரோவும் புது சோபாவும்

காரைக்குடிப் பக்கம் இருந்த பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது, என் அக்காவுக்குத் தாத்தாவின் பர்மா தேக்கு பீரோ, சாய்வு நாற்காலி, நீள பெஞ்ச் மூன்றும் வந்தன. சென்னையில் அவள் வீட்டு ஹால் 14க்கு 10 அடிதான். பீரோவுக்குத் தோதாக இருக்கட்டும் என்று தேக்கு நிற மைக்கா ஒட்டிய டிவி ஸ்டாண்டும் டீப்பாயும் வாங்கிப் போட்டாள். பழையது அழுக்காகவும் புதியது போலியாகவும் தெரிந்தன.

நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததுதான் வினை. தேக்கு வெளிச்சமும் காற்றும் பட்டுப் பல ஆண்டுகளில் பொன்பழுப்பாக முதிர்கிறது. அதன் ரேகை ஒரு பலகையில் இருப்பதுபோல் இன்னொன்றில் இருக்காது. மைக்காவில் அச்சான ரேகையோ திரும்பத் திரும்ப வரும். இரண்டையும் அருகருகே வைத்தால் கண் ஒப்பிடாமல் விடாது. அதனால் பழைய மரத்துக்குப் பக்கத்தில் வருவது மரம்போல் நடிக்காத பொருளாக இருக்க வேண்டும்: துணி, இரும்பு, கண்ணாடி, பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட். அக்கா டிவி ஸ்டாண்டுக்கு வெள்ளை அடித்தாள். டீப்பாயைக் கொடுத்துவிட்டு, இரும்புக் கால் வைத்த கண்ணாடி மேஜை வாங்கினாள். சோபாவுக்குச் சாம்பல் நிறப் பருத்தி உறை போட்டாள்.

அடுத்தது இடம். நான்கடி அகலமும் ஆறரை அடி உயரமும் உள்ள பீரோ இருக்கும் சின்ன ஹாலில் அந்த அளவுக்கு வேறெதுவும் கூடாது. அதன் இருபுறமும் ஓரடிச் சுவராவது வெறுமையாக இருந்தால்தான் வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும். பெஞ்ச் படுக்கையறைக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனது. சாய்வு நாற்காலி கை நீட்டிய நிலையில் நிறைய இடம் பிடிக்கும். அந்த அளவுக்குச் செய்தித்தாளைத் தரையில் விரித்து, சுற்றி நடக்க இரண்டரை அடி மிஞ்சுகிறதா என்று பார்த்த பிறகே அதை ஜன்னலோரம் போட்டோம்.

பாலிஷ் போட வந்தவர், பீரோவைத் தேய்த்துவிட்டுக் கருஞ்சாயம் பூசினால் புதுசாகிவிடும் என்றார். அக்கா வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஆழமாகத் தேய்த்தால் ஆண்டுக்கணக்கில் முதிர்ந்த மேல்நிறம் போய்விடும், திரும்ப வராது. கதவின் உட்புறம் கண்ணில் படாத மூலையில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை லேசாக ஒற்றிப் பார்த்தோம். பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டியது. அப்படியானால் அது பழைய அரக்குப் பாலிஷ். அழுக்கை மட்டும் துடைத்துவிட்டு, அதன் மேலேயே மெல்லிய அரக்குப் பூச்சு கொடுத்தால் போதும். பின்பலகைக்கு அடியில் மாவுபோல் தூள் கொட்டிக்கிடந்தால் மட்டும், பூச்சிக்கு மருந்தடித்த பிறகே மரச்சாமானை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

கடைசியாக, எதிர்மூலையில் பித்தளைத் தண்டு வைத்த புது விளக்கு ஒன்றை வைத்தாள். சாயங்காலம் அதை ஏற்றினால் பீரோவின் பித்தளைக் கைப்பிடி வளையங்களும் சேர்ந்து மினுங்குகின்றன. தாத்தாவின் காலத்தையும் அக்காவின் காலத்தையும் அந்த ஹாலில் சேர்த்துக் கட்ட அந்த மினுக்கம் போதுமானதாக இருக்கிறது.