பரிசு வாட்ச்: அது அவருக்கு என்ன வேலை வைக்கும்?

அலுவலகத்தில் ஒருவர் ஓய்வுபெறுகிறார். ஆளுக்கு ஐந்நூறு போட்டதில் 12,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. வாட்ச் வாங்கித் தரலாம் என்று முடிவாகிவிட்டது. எந்த வாட்ச் என்பதில்தான் கட்சி பிரிகிறது. இளைஞர்கள் ஸ்மார்ட் வாட்ச் என்கிறார்கள். விஷயம் தெரிந்த ஒருவர் ஆட்டோமேட்டிக் என்கிறார். மற்றவர்களுக்குப் பெயர் தெரிந்த ஃபேஷன் பிராண்டாக இருந்தால் போதும்.

விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றை யோசித்துவிடுவது நல்லது. நாம் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அதன்பிறகு அந்த வாட்ச் அவருக்கு என்ன வேலை வைக்கும்?

ஆட்டோமேட்டிக்கில் பேட்டரி கிடையாது. கை அசையும்போது உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது. அந்த வில் மெல்லத் தளர்வதில்தான் முள் நகர்கிறது. அந்தக் காலத்து எச்.எம்.டி. ஜனதாவுக்குத் தினமும் சாவி கொடுத்தோமே, அதே வேலையை இங்கே கை அசைவு செய்கிறது. கழற்றி வைத்தால், சாதாரண மாடல்கள் ஏறக்குறைய 40 மணி நேரத்தில் நின்றுவிடும். வெள்ளி மாலை மேஜையில் வைத்தால் ஞாயிறு காலை நின்றிருக்கும்.

ஓய்வுபெற்ற பிறகு நம்மவர் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் வாட்ச் கட்டுகிறவர் என்றால், ஒவ்வொரு முறையும் மணியும் தேதியும் திருத்தியாக வேண்டும். பல மாடல்களில் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் தேதியைத் திருகினால் உள்ளே பல்சக்கரம் பழுதாகலாம். நாளைக்குப் பத்து இருபது விநாடி முன்னே பின்னே ஓடுவதும் இதற்கு இயல்பு. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்து எண்ணெயிட வேண்டும், அந்தச் செலவும் அவர் தலையில்தான். வாட்ச் என்றாலே பின்பக்கம் திருப்பி உள்ளே பார்க்கிற ரசிகருக்கு, தினமும் கட்டுகிறவருக்கு, இதைவிட நல்ல பரிசு இல்லை. மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

ஸ்மார்ட் வாட்ச் தினமும் அல்லது சில நாளுக்கு ஒருமுறை சார்ஜ் கேட்கும். முதலில் அவர் கையில் என்ன போன் என்று பாருங்கள். ஆப்பிள் வாட்ச் ஐபோன் இல்லாமல் இயங்காது. இரண்டாயிரம் ரூபாய் வாட்ச் நடையையும் போன் அழைப்பையும் காட்டும், அதற்கு அது போதும். அது காட்டும் ரத்த அழுத்தத்தை நம்பி மாத்திரையைக் கூட்டிக் குறைக்கக் கூடாது. சில வருடத்தில் பேட்டரி தளர்ந்ததும் பெரும்பாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். காலையில் நடக்கிற மருமகளுக்குப் பிறந்தநாள் பரிசென்றால் சரி. நினைவுப் பரிசுக்குப் பொருந்தாது.

மிச்சம், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். மாதத்துக்கே இருபது விநாடிக்குள்தான் பிசகும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு பேட்டரி, அதைத் தெருமுனைக் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஃபேஷன் வாட்ச்சுகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பதும் இதுதான். பத்தாயிரம் ரூபாய் லேபிளிலும் மூவாயிரம் ரூபாய் வாட்ச்சிலும் ஒரே தரத்து இயந்திரம் இருப்பது சாதாரணம், கூடுதல் பணம் பெயருக்குப் போகிறது.

கடையில் வாட்ச்சைத் திருப்பிப் பாருங்கள். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று மட்டும் பொறித்திருந்தால் மூடி மட்டும்தான் ஸ்டீல் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். சுற்றியுள்ள உடல் மலிவான உலோகத்துக்கு முலாம் பூசியது. நம் ஊர் வியர்வையில் ஓரங்கள் சீக்கிரமே வெளுத்துவிடும். தோல் ஸ்ட்ராப்பும் அப்படித்தான், தினமும் கட்டினால் கோடையில் நாற ஆரம்பிக்கும். ஆயிரத்து ஐந்நூறுக்கு டயலில் ஓட்டை போட்டுச் சக்கரம் சுழல்வதைக் காட்டும் வாட்ச்சும் கிடைக்கிறது. பார்க்க அழகு, பழுதானால் தொட ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஆக, அந்த 12,000 ரூபாய்க்கு என் தேர்வு உடலும் செயினும் முழு ஸ்டீலில் உள்ள ஒரு குவார்ட்ஸ். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டைட்டன் போன்றவர்களிடம் இந்த விலைக்குக் கீழேயே தாராளமாகக் கிடைக்கும். அறுபது வயதுக் கண்ணுக்கு வெள்ளை டயலும் கறுப்பு எண்ணும் வேண்டும், கிழமையும் தேதியும் இருந்தால் இன்னும் நல்லது. அவர் மணிக்கட்டு மெலிதாக இருந்தால் 38 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். மிச்சப் பணத்தை நல்ல வேட்டி, சட்டைக்கு ஒதுக்கலாம்.

செயினில் கண்ணி குறைத்துத் தரக் கடையிலேயே சொல்லிவையுங்கள், கழற்றிய கண்ணிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து, விலை தெரியக் கூடாதென்றால் பில்லைத் தனி உறையில் போட்டு அவர் வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த இரண்டும் இல்லாமல் போனால் சர்வீஸ் சென்டரில் இலவசப் பழுதுபார்ப்பு கிடைக்காது.