பல்லுறுப்புப் பரம்பலும் மறை இணைபும்: மெண்டலின் பட்டாணி எண்ணிக்கைகளை முன்வைத்து

ஒரு தொகுதியைப் பல வகுப்புகளாகப் பிரித்து எண்ணும்போது, ஒரு வகுப்பின் எண்ணிக்கை எதிர்பார்த்ததினும் கூடினால் மற்றையவை குறையும் போக்கினைக் காண்கின்றோம். இதனை அவ்வகுப்புகளுக்கிடையே நிலவும் போட்டியின் விளைவாகவோ முரண்பாட்டின் விளைவாகவோ விளக்க முற்படுவோர் பலர். ஆனால் இப்போக்கு எண்ணும் முறையிலிருந்தே பிறப்பது. பொருள்களின் இயல்பைப் பற்றி அது எதனையும் கூறாதிருக்கலாம். இதனை விளக்க, கிரகர் மெண்டல் 1865இல் பிருன் நகரில் வாசித்து 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வினை எடுத்துக்கொள்கின்றோம்.

உருண்டை வடிவமும் மஞ்சள் நிறமும் கொண்ட விதைகளுடைய வகையைச் சுருங்கிய வடிவமும் பச்சை நிறமும் கொண்ட வகையுடன் மெண்டல் கலந்தார். அக்கலப்பிற் பிறந்த 15 செடிகள் 556 விதைகளைத் தந்தன. அவற்றுள் உருண்டை மஞ்சள் 315, சுருங்கிய மஞ்சள் 101, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய பச்சை 32. மெண்டலின் கருதுகோளின்படி இந்நான்கு வகுப்புகளினதும் நிகழ்தகவுகள் முறையே 9/16, 3/16, 3/16, 1/16 ஆகும்.

ஒவ்வொரு விதையும் பிற விதைகளைச் சாராது, இதே நிகழ்தகவுகளுடன், நான்கில் ஒரு வகுப்பில் விழுகின்றது எனக் கொள்வோம். அவ்வாறாயின் n விதைகளுள் x₁, x₂, x₃, x₄ என்னும் எண்ணிக்கைகள் கிடைப்பதற்கான நிகழ்தகவு

n!/(x₁! x₂! x₃! x₄!) · p₁^x₁ p₂^x₂ p₃^x₃ p₄^x₄

ஆகும். இதுவே பல்லுறுப்புப் பரம்பல். பின்வரும் p-க்களின் பெருக்கம் ஒரு குறித்த ஒழுங்கில் விதைகள் அமைவதன் நிகழ்தகவு. முன்னுள்ள பின்னம் அத்தகைய ஒழுங்குகள் எத்தனை என்பதைக் கூறுகின்றது. நான்கு விதைகளை மட்டும் எடுத்தால், ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்று அமைவதற்கு 24 ஒழுங்குகள் உள. எனவே நிகழ்தகவு 24 × 81/65536, ஏறத்தாழ 0.03. நான்கும் உருண்டை மஞ்சளாக அமைவதற்கு ஒரே ஒழுங்குதான் உண்டு. எனினும் அதன் நிகழ்தகவு 6561/65536, அதாவது 0.10. ஒழுங்குகளின் தொகையை மட்டும் நோக்குவோர் இவ்விடத்தில் தவறுவர்.

இனி நமது வினாவுக்கு வருவோம். இரு எண்ணிக்கைகள் தத்தம் இடைகளிலிருந்து ஒருங்கே விலகும் அளவினை இணைமாறற்றிறன் என்கிறோம். இரண்டின் பெருக்கத்தினது எதிர்பார்க்கப்படும் பெறுமானத்திலிருந்து அவற்றின் இடைகளது பெருக்கத்தைக் கழிக்க அது கிடைக்கும். முதலில் ஒரு விதையை மட்டும் நோக்குக. அது உருண்டை மஞ்சளாயின் 1 எனவும் அன்றேல் 0 எனவும் குறிப்போம். சுருங்கிய மஞ்சளுக்கும் அவ்வாறே. ஒரே விதை இரு வகுப்புகளிலும் இருத்தல் இயலாது. ஆதலால் இரு குறிகளின் பெருக்கம் எப்பொழுதும் 0. அதிலிருந்து இடைகளின் பெருக்கமாகிய p₁p₂ கழிக்கப்பட, எஞ்சுவது −p₁p₂. வெவ்வேறு விதைகள் ஒன்றையொன்று சாராமையால் அவற்றுக்கிடையே இணைமாறற்றிறன் இல்லை. ஆகவே n விதைகளுக்கும் சேர்த்து −np₁p₂. மறைக்குறி முழுவதும் 'ஒரு விதைக்கு ஓர் இடமே' என்னும் கட்டுப்பாட்டிலிருந்தே வந்தது. வேறெதுவும் இதிற் புகவில்லை.

இம்முடிவை மற்றொரு வழியாலும் சரிபார்க்கலாம். இரு மஞ்சள் வகுப்புகளையும் ஒன்றாக்கினால் அக்கூட்டுத்தொகை ஈருறுப்புப் பரம்பலை உடையது. அதன் மாறற்றிறன் n(p₁+p₂)(1−p₁−p₂). இது தனித்தனி மாறற்றிறன்களின் கூட்டுத்தொகையினும் 2np₁p₂ குறைவு. அக்குறைவு இணைமாறற்றிறனின் இருமடங்காகும்.

இணைமாறற்றிறனை இரு நியம விலகல்களின் பெருக்கத்தால் வகுத்தால் இணைபுக் குணகம் கிடைக்கும். அவ்வாறு வகுக்கையில் n நீங்கிவிடுகின்றது, எஞ்சுவது −√[p₁p₂/((1−p₁)(1−p₂))]. எனவே மாதிரியைப் பெருப்பிப்பதால் இம்மறை இணைபைப் போக்க முடியாது. உருண்டை மஞ்சளுக்கும் சுருங்கிய மஞ்சளுக்கும் இது −0.54 ஆகும், சுருங்கிய மஞ்சளுக்கும் சுருங்கிய பச்சைக்கும் −0.12 மட்டுமே. பெரிய வகுப்பு தன் ஏற்றத்தால் ஏனையவற்றை வலுவாக ஒடுக்குகின்றது. சிறு வகுப்புகள் ஒன்றையொன்று பெரிதும் உணர்வதில்லை. 'ஒடுக்குகின்றது' என நாமே எழுதிவிட்டோம். விதைகளுக்குள் அத்தகைய உறவு ஏதும் இல்லை என்பதை வாசகர் மறவாதிருக்க வேண்டும்.

இங்கு ஐயம் ஒன்று எழலாம். மறை இணைபு கணிதத்தின் கட்டாயமாயின், களத்தில் எண்ணும் எவரும் அதனையே எப்பொழுதும் காணவேண்டுமன்றோ? மெண்டலின் மற்றோர் அட்டவணை இதற்கு விடை தருகின்றது. விதை வடிவத்தை மட்டும் ஆராய்ந்த சோதனையில் முதற் பத்துச் செடிகளின் எண்ணிக்கைகளை அவர் தனித்தனியே வெளியிட்டார். உருண்டை விதைகள்: 45, 27, 24, 19, 32, 26, 88, 22, 28, 25. அதே வரிசையிற் சுருங்கிய விதைகள்: 12, 8, 7, 10, 11, 6, 24, 10, 6, 7. இவ்விரு வரிசைகளுக்கும் இணைபுக் குணகத்தைக் கணித்தால் +0.93 வருகின்றது. மறை அன்று, வலிய நேர் இணைபு!

கோட்பாடு பொய்க்கவில்லை. நாம் n-ஐ மாறாததாகக் கொண்டோம். இங்கோ ஒரு செடி 29 விதைகளையும் மற்றொன்று 112 விதைகளையும் தந்துள்ளன. செழித்த செடியில் இரு வகை விதைகளும் மிகும். நலிந்ததில் இரண்டும் குறையும். ஒரு செடியின் மொத்த விதைத்தொகையை N என்போம். ஒவ்வொரு செடிக்குள்ளும் −Np₁p₂ தொழிற்படுகின்றது. N ஏறி இறங்கும்போது இரு எண்ணிக்கைகளும் ஒருங்கே ஏறி இறங்குகின்றன. இரண்டையும் சேர்த்தால் இணைமாறற்றிறன்

p₁p₂ × (N-இன் மாறற்றிறன் − N-இன் இடை)

என அமையும். பத்துச் செடிகளில் N-இன் இடை 43.7, மாறற்றிறன் ஏறத்தாழ 644. p₁p₂ இங்கு 3/4 × 1/4, அதாவது 3/16. சூத்திரம் தரும் பெறுமானம் ஏறத்தாழ 113. அட்டவணையிலிருந்து நேரடியாகக் கணித்தால் 100. பத்தே செடிகளுக்கு இது நெருங்கிய ஒற்றுமை எனலாம். ஆயினும் 112 விதைகள் தந்த ஏழாவது செடியே இந்நேர் இணைபின் பெரும்பகுதியைத் தாங்குகின்றது. அதனை நீக்கினால் குணகம் +0.47 ஆகக் குறைகின்றது.

அடைப்புக்குள் உள்ள இரு உறுப்புகளும் சமமாயின் இணைமாறற்றிறன் பூச்சியம். N புவசோன் பரம்பலை உடையதாயின் அவ்வாறே நிகழும். அப்பொழுது எண்ணிக்கைகள் முற்றாக ஒன்றையொன்று சாராதவை ஆகின்றன. ஆகவே ஒரே கலப்பின் விதைகள், முன்னரே 556 என நிறுத்தி எண்ணினால் மறை இணைபையும், மொத்தம் புவசோன் முறையில் அமையின் சாராமையையும், மொத்தம் அதனினும் கூடுதலாகச் சிதறின் நேர் இணைபையும் காட்டும்.

இதனால் இணைபின் குறியைக் கொண்டு வகுப்புகளின் உறவை ஆராய்வோர் முதலில் மொத்தம் எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என வினவுதல் வேண்டும். மொத்தம் நிறுத்தப்பட்டதாயின், ஒப்பிடத்தக்க நியமம் பூச்சியம் அன்று. மேலே கண்ட −√[p₁p₂/((1−p₁)(1−p₂))] என்பதே. கண்ட குணகம் அதிலிருந்து, தற்செயலால் நேரக்கூடியதினும் மிகுதியாக விலகும்போது மட்டுமே, விதைகள் ஒன்றையொன்று சார்ந்தனவோ, அன்றி நிகழ்தகவுகள் செடிக்குச் செடி வேறுபட்டனவோ என்னும் கேள்விக்கு இடமுண்டு.